24 குட்டிகளா, 3 தாய்களா?

வலிப்பு நோய்க்கு வால்புரோயேட் என்று ஒரு மருந்து உண்டு. பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும் மருந்து. கருவுற்றிருக்கும்போது அதைச் சாப்பிட்டால், பிறக்கும் குழந்தைக்கு உடல் குறைபாடுகளும் ஆட்டிசமும் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். (இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மருந்தை நிறுத்திவிட வேண்டாம். அது வேறு ஆபத்து. மருத்துவரிடம் பேசித்தான் மாற்ற வேண்டும்.) இந்தத் தொடர்பை வைத்தே ஆய்வகங்கள் ஒரு சோதனை முறையை உருவாக்கிக்கொண்டன. சினையாக இருக்கும் எலிக்குப் பன்னிரண்டாம் நாள் வாக்கில் வால்புரோயேட் ஊசி போடுவார்கள். எலிக்கு மொத்தக் கர்ப்பகாலமே மூன்று வாரம்தான். குட்டிகள் பிறந்து வளர்ந்ததும், மற்ற எலிகளோடு அவை எப்படிப் பழகுகின்றன என்று பார்ப்பார்கள். உலகம் முழுக்க இந்த முறையில் ஆய்வுகள் நடக்கின்றன.

2013இல் ஸ்டான்லி லாசிக், லோரன் எசியூ என்ற இருவர் இந்த வகை ஆய்வுக் கட்டுரைகளை எடுத்துவைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: இவர்கள் எதை எண்ணியிருக்கிறார்கள்? 34 ஆய்வுகளில் 3 மட்டுமே சரியானதை எண்ணியிருந்தன. மற்றவை குட்டிகளை எண்ணியிருந்தன. எண்ண வேண்டியது தாய்களை.

கேட்டால் சின்ன விஷயம் போலத்தான் தோன்றும். எண்களைப் போட்டுப் பார்த்தால்தான் இதன் கனம் தெரியும். இனி வரும் சோதனை எலிகளும் அளவுகளும் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. கணக்கு மட்டும் நிஜம்.

ஆறு சினை எலிகள். குலுக்கல் முறையில் மூன்றுக்கு வால்புரோயேட், மூன்றுக்கு வெறும் உப்புநீர் ஊசி. ஒவ்வொன்றும் எட்டுக் குட்டி போடுகிறது. ஆக மருந்துப் பக்கம் 24 குட்டி, உப்புநீர்ப் பக்கம் 24 குட்டி. வளர்ந்த குட்டியை மூன்று அறைகள் கொண்ட பெட்டியில் விடுகிறார்கள். ஓர் அறையில் கம்பிக் கூண்டுக்குள் அது முன்பின் பார்த்திராத எலி இருக்கும். எதிர் அறையில் காலிக் கூண்டு. பத்து நிமிடத்தில் அந்தப் புது எலியின் பக்கத்தில் எத்தனை நொடி இருந்தது என்பதே அளவு. வீடியோவை ஓடவிட்டு, நிறுத்துகடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒருவர் கணக்கெடுப்பார். கை தவறலாம், கண் அயரலாம் என்பதால் ஒவ்வொரு வீடியோவையும் மூன்று தடவை பார்ப்பார்.

உப்புநீர்த் தாய்கள் மூன்றின் குட்டிகளுக்கும் தனித்தனியே சராசரி எடுத்தால் 182, 214, 234 நொடி. மருந்துத் தாய்களின் குட்டிகளுக்கு 148, 170, 192. இரண்டு பக்கத்துக்கும் மொத்தச் சராசரி 210, 170. வித்தியாசம் 40 நொடி. இது மருந்தின் வேலையா, தற்செயலா?

இதற்கு விடை சொல்ல ஆய்வகங்கள் வழக்கமாகப் பயன்படுத்துவது டி-டெஸ்ட். மருந்தால் ஒன்றுமே ஆகவில்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு பெரிய வித்தியாசம் வெறும் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்று அது சொல்லும். அந்த எண்தான் p. அது 0.05க்குக் கீழே, அதாவது இருபதில் ஒன்றுக்குக் கீழே வந்தால் ‘சிக்னிபிகன்ட்’ என்று எழுதிக்கொள்வது வழக்கம். இந்த டெஸ்டுக்கு நாம் கொடுக்க வேண்டிய முக்கியமான தகவல்களில் ஒன்று n, எத்தனை மாதிரிகள் என்பது. அதை எவ்வளவு என்று கொடுப்பது?

வீடியோ பார்த்த ஒவ்வொரு தடவையையும் எண்ணினால் பக்கத்துக்கு 72. குட்டிகளை எண்ணினால் 24. தாய்களை எண்ணினால் 3. ஒரே எலிகள், ஒரே வீடியோக்கள். ஒரு குடும்பத்துக்குள் குட்டிக்குக் குட்டி 30 நொடி அளவுக்கு ஏற்ற இறக்கம் இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 24 என்று கொடுக்கும்போது p ஏறக்குறைய 0.0003. கொண்டாட்டம்தான். 72 என்று கொடுத்தால் பூஜ்யங்களின் வரிசை இன்னும் நீளும். 3 என்று கொடுத்தால் p ஏறக்குறைய 0.11. அதாவது இந்தத் தரவை வைத்து மருந்தின் விளைவு என்று எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. மூன்றில் கடைசியாகச் சொன்னதுதான் சரி.

72 ஏன் தவறு என்பது எளிதில் விளங்கும். ஒரே வீடியோவை மூன்று தடவை பார்த்தால் எலி மூன்றாகிவிடாது. பார்ப்பவரின் கை எவ்வளவு நிதானம் என்பது மட்டும் தெரியும். இதைத்தான் ஆய்வகத்தில் டெக்னிக்கல் ரெப்ளிகேட் என்கிறார்கள்: எடுத்த ஒரே மாதிரியைத் திரும்பத் திரும்ப அளப்பது. மரபணு வேலை செய்யும் இடங்களில் ஒரே ஆர்.என்.ஏ. மாதிரியை மூன்று குழிகளில் விட்டு பி.சி.ஆர். ஓட்டுவது அன்றாட வழக்கம், ‘டிரிப்ளிகேட் போட்டாயா?’ என்று கேட்காத வழிகாட்டி அரிது. மூன்றில் ஒரு குழி மட்டும் விலகி நின்றால் பிப்பெட் எங்கோ சறுக்கியிருக்கிறது என்று பிடித்துவிடலாம். அந்த அளவில் அது உபயோகமான பழக்கம். மூன்றையும் சராசரியாக்கி ஒரே எண்ணாக எழுதிவிட்டால் அதன் கடமை முடிந்தது. மூன்றையும் மூன்று மாதிரி என்று எண்ணும்போதுதான் வினை தொடங்குகிறது.

24 ஏன் தவறு என்பதில்தான் நன்றாகப் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். குட்டிகள் தனித்தனி உயிர்கள்தானே? ஒன்றின் மூளை மற்றொன்றின் மூளை இல்லையே? உண்மைதான். ஆனால் ஊசி குட்டிகளுக்குப் போடப்படவில்லை, தாய்க்குப் போடப்பட்டது. குலுக்கிப் போட்டதும் தாய்களைத்தான். ஒரு தாயின் எட்டுக் குட்டிகளும் ஒரே கருப்பையில், ஒரே நாளில், ஒரே ஊசியின் மருந்தைப் பெற்றன. அந்தத் தாய் பயந்த சுபாவம் உள்ளதாக இருந்தால் எட்டும் அதை அனுபவித்தன. அது குட்டிகளை நன்றாக நக்கிப் பராமரித்தால் எட்டும் அந்தக் கவனிப்பைப் பெற்றன. அதனால் உடன்பிறந்த குட்டிகள் ஒன்றைப்போல் ஒன்று நடக்கின்றன. ஒரு குட்டியைப் பார்த்த பிறகு அதே தாயின் இரண்டாவது குட்டி புதிதாகச் சொல்வது கொஞ்சம்தான். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அது இங்கேயும் செல்லும். ஆனால் அந்தச் சோறு அந்தப் பானைக்குத்தான் பதம். அதே பானையிலிருந்து இன்னும் ஏழு பருக்கை எடுத்து நசுக்கினாலும் பக்கத்து அடுப்பில் வேகும் சோறு பற்றி ஒன்றும் தெரியாது.

இந்த ஒற்றுமையை அளக்க ஒரு வழி இருக்கிறது. நம் எடுத்துக்காட்டில் மொத்த ஏற்ற இறக்கத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, துல்லியமாக 0.34, தாய்க்குத் தாய் உள்ள வேறுபாட்டால் வருகிறது. ஒரு தாய்க்கு எட்டுக் குட்டி என்றால் எட்டில் ஒன்றைக் கழித்து, வரும் ஏழை 0.34ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். வருவது 3.4. 24 குட்டிகளை அதால் வகுத்தால் 7. அதாவது மூன்று தாய்களிடமிருந்து வந்த 24 குட்டிகள் தரும் செய்தி, ஒன்றுக்கொன்று உறவே இல்லாத 7 குட்டிகள் தரும் செய்திக்குத்தான் சமம். இல்லாத 17 குட்டிகளைக் கணக்கில் ஏற்றியதால் வந்ததுதான் அந்த 0.0003.

இப்படி ஏற்றுவதற்கு ‘சூடோரெப்ளிகேஷன்’ என்று பெயர், போலியாக எண்ணிக்கையைப் பெருக்குவது. பெயரைப் பரவலாக்கியவர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் என்ற சூழலியலாளர். 1984இல் அவர் 176 கள ஆய்வுகளைச் சல்லடை போட்டார். புள்ளியியல் சோதனை எதையாவது பயன்படுத்தியிருந்த ஆய்வுகளில் 48 சதவீதத்தில் இந்தப் பிழை இருந்தது. அவர் பார்த்தவை குளம், காடு, கடற்கரை ஆய்வுகள். ஒரு குளத்தில் உரம் கொட்டி, இன்னொன்றைச் சும்மா விட்டு, இரண்டிலும் இருபது இருபது வாளித் தண்ணீர் எடுத்து n இருபது என்று எழுதும் ரகம். இருப்பது ஒரு குளமும் இன்னொரு குளமும்தான். முப்பதாண்டு கழித்து வால்புரோயேட் ஆய்வுகளிலும் அதே கதை நடந்திருக்கிறது என்றால், பாடப் புத்தகத்தில் இருப்பது ஆய்வக மேஜைக்கு வந்து சேரவில்லை என்றுதான் அர்த்தம்.

இந்தப் பிழையால் என்ன நஷ்டம்? மருந்து ஒன்றுமே செய்யவில்லை என்று வைத்துக்கொள்வோம். சரியாக எண்ணுகிறவர் இருபது தடவைக்கு ஒரு தடவைதான் ஏமாந்து ‘விளைவு இருக்கிறது’ என்பார். அந்த அளவு ஏமாற்றத்தை நாம் தெரிந்தேதான் ஏற்றுக்கொள்கிறோம். நம் எடுத்துக்காட்டைப் போலக் குட்டிகளை எண்ணுகிறவர் நான்கு தடவைக்கு ஒன்றுக்கும் மேல் ஏமாறுவார். ஒன்றுமில்லாததைக் கண்டுபிடித்துக் கட்டுரை எழுதுவார். அதைப் படித்து இன்னொரு ஆய்வகம் அதே சோதனையைச் செய்து பார்த்து, கிடைக்காமல் தலையைப் பிய்த்துக்கொள்ளும். யாரும் பொய் சொல்லவில்லை. எண்ணியது மட்டும்தான் தவறு.

அப்படியானால் குட்டியை எப்போதுமே எண்ணக் கூடாதா? அப்படி இல்லை. மேலே சொன்ன சோதனையின் இரண்டாம் பாதியாக இன்னொன்று செய்வார்கள். பிறந்து வளர்ந்த குட்டிகளில் ஒவ்வொரு தாயின் எட்டிலும் குலுக்கல் முறையில் நான்குக்கு ஒரு புது மருந்தும் நான்குக்கு உப்புநீரும் கொடுத்து, பழகும் குணம் திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். இந்தக் கேள்விக்குக் குட்டியேதான் அலகு. ஏனென்றால் இங்கே குலுக்கிப் போட்டது குட்டியை. ஒரே தாயின் குட்டிகளுக்குள்ளேயே இரண்டு பக்கமும் ஒப்பிட முடிகிறது, தாயின் குணம் இரண்டு பக்கமும் சமமாகக் கழிந்துவிடுகிறது. ஆக ஒரே பெட்டி, ஒரே எலிகள். வால்புரோயேட் கேள்விக்கு n தாய்களின் எண்ணிக்கை, புது மருந்துக் கேள்விக்கு குட்டிகளின் எண்ணிக்கை. எது உயிருள்ளது, எது தனித்து நடமாடுகிறது என்பதைப் பார்த்து n முடிவாவதில்லை. சிகிச்சை எதற்குத் தனித்தனியாகப் போய்ச் சேர்ந்தது, எதைக் குலுக்கிப் போட்டோம் என்பதைப் பார்த்துத்தான் முடிவாகிறது. மருந்தைக் குடிதண்ணீர்ப் புட்டியில் கலந்து கொடுத்தால், ஒரு புட்டியில் குடிக்கும் கூண்டு முழுவதும் ஒன்று என்றுதான் கணக்கு. கூண்டுக்குள் ஐந்து எலி இருந்தாலும்.

உயிரணு வளர்ப்பில் வேலை செய்கிறவர்களுக்கு இது இன்னும் சங்கடமான இடம். ஹீலா செல்கள் எல்லாமே 1951இல் ஹென்றியெட்டா லாக்ஸ் என்ற ஒரே பெண்ணின் கட்டியிலிருந்து வந்தவை. அவற்றை வைத்து என்ன செய்தாலும் மனிதர் என்ற கணக்கில் n ஒன்றுதான். அதனால் ஆய்வகங்கள் வேறு வேறு நாளில், புதிதாகக் கரைத்த மருந்தோடு, புதிதாகப் பிரித்து வளர்த்த செல்களில் சோதனையை முதலிலிருந்து செய்து, அப்படி ஒவ்வொரு நாளையும் ஒன்று என்று எண்ணுகிறார்கள். இது நியாயமான வழி. ஒரே நாளில் ஒரே தட்டின் ஆறு குழிகளை ஆறு என்று எண்ணுவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அது சொல்வது ‘இந்தச் செல்வகையில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது’ என்பதை மட்டும். ‘மனிதர்களில் நடக்கிறது’ என்று சொல்ல, வெவ்வேறு மனிதர்களின் செல்கள் வேண்டும்.

இனி, எல்லோரும் புள்ளியியல்காரரிடம் முதலில் கேட்கும் கேள்வி: எத்தனை வேண்டும்? மூன்று என்று ஒரு வழக்கம் ஆய்வகங்களில் ஊறிப்போயிருக்கிறது. மூன்றுக்கு எந்தத் தனி மகிமையும் கிடையாது. இருந்தால் சராசரியோடு ஒரு பிழைக்கோடும் வரைய முடியும், அவ்வளவுதான்.

உண்மையான விடைக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். எவ்வளவு வித்தியாசம் வந்தால் நமக்கு அது முக்கியம்? நாம் எண்ணும் அலகுகளுக்கு இடையே இயல்பாகவே எவ்வளவு ஏற்ற இறக்கம்? நம் எடுத்துக்காட்டில் 40 நொடி வித்தியாசம் முக்கியம் என்று வைத்துக்கொள்வோம். தாய்களின் சராசரிகளுக்கு இடையே ஏற்ற இறக்கம் 24 நொடி. கையாலேயே போடக்கூடிய ஒரு தோராயக் கணக்கு இருக்கிறது: ஏற்ற இறக்கத்தின் வர்க்கத்தை 16ஆல் பெருக்கி, வித்தியாசத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும்.

n = 16 × 24² / 40²

வருவது ஆறு சொச்சம் இல்லாத ஓர் எண், ஏறக்குறைய 5.8. இந்தத் தோராயம் சிறிய எண்ணிக்கைகளில் கொஞ்சம் குறைத்துச் சொல்லும். சரியாகக் கணக்கிட்டால் பக்கத்துக்கு 7 தாய் வேண்டும். அப்போது உண்மையிலேயே 40 நொடி வித்தியாசம் இருந்தால் ஐந்தில் நான்கு தடவை அது பிடிபடும். மூன்று தாய்களோடு நிறுத்தினால் மூன்றில் ஒரு தடவைதான் பிடிபடும். மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு தோல்விக்கு என்று தெரிந்தே எலிகளைக் கொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. எலிகளைக் குறைத்துப் பயன்படுத்த வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் சிலர் இதைச் செய்கிறார்கள். விடை கிடைக்காத சோதனையில் ஓர் எலி போனாலும் அது வீண்தான்.

தாய்களைக் கூட்டுவதற்குப் பதிலாகக் குட்டிகளைக் கூட்டினால்? தாய் எலி நூறு குட்டி போடுவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நூறையும் அளந்தாலும் தேவை 7 தாயிலிருந்து 6ஆகத்தான் குறையும். குட்டிகளை அளப்பதால் குட்டிக்குக் குட்டி உள்ள ஏற்ற இறக்கம் மட்டுமே சமனாகிறது. தாய்க்குத் தாய் உள்ளது அப்படியே நிற்கிறது. மறுபக்கம், ஒரு தாய்க்கு இரண்டே குட்டியை அளந்தால் 11 தாய் வேண்டும். ஆனால் அளக்க வேண்டிய குட்டிகள் பக்கத்துக்கு 22தான், 7 தாய் வழியில் 56. அளப்பது செலவு பிடிக்கும் வேலையாக இருந்தால், உதாரணமாக ஒவ்வொரு மூளையையும் சீவி நுண்ணோக்கியில் வாரக்கணக்கில் பார்க்க வேண்டுமென்றால், இந்த இரண்டாவது வழியே லாபம். வீடியோ பார்ப்பது போல மலிவான வேலை என்றால் தாய்க்குரிய எட்டையும் பார்த்துவிடலாம். எந்தத் தட்டில் காசைப் போடுவது என்பது இப்படித்தான் முடிவாக வேண்டும்.

இந்தக் கணக்கின் பலவீனம் அந்த 24 நொடியில் இருக்கிறது. மூன்று நான்கு தாய்களை வைத்து எடுத்த ஏற்ற இறக்கம் நிஜத்தைவிட மிகக் குறைவாகவோ மிக அதிகமாகவோ இருக்கலாம். குறைவாக இருந்துவிட்டால் கணக்கும் குறைத்துச் சொல்லும். அதனால் தன் ஆய்வகத்தில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த உப்புநீர் எலிகளின் பதிவேட்டைப் புரட்டி எடுப்பது நல்லது. 40 நொடியை முன்பு வந்த சிறிய ஆய்விலிருந்து எடுப்பதும் ஆபத்து. சிறிய ஆய்வுகளில் பெரிய வித்தியாசம் தற்செயலாக வந்தவையே பெரும்பாலும் அச்சேறுகின்றன. அவற்றை நம்பினால் தேவை குறைவாகத் தெரியும். எவ்வளவு வந்தால் நமக்குப் பயன் என்று உயிரியல் அறிவை வைத்து முன்கூட்டியே முடிவு செய்வதுதான் ஒழுங்கு.

இந்தியாவில் எலியில் சோதனை செய்ய நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி தர வேண்டும். அந்த விண்ணப்பத்தில் எத்தனை விலங்கு, ஏன் அத்தனை என்று எழுதச் சொல்லிக் கேட்கிறார்கள். விலங்காய்வை எப்படி எழுத வேண்டும் என்று பிரிட்டனில் உருவான ‘அரைவ்’ நெறிமுறையும் சோதனையின் அலகு எது என்று வெளிப்படையாகச் சொல்லச் சொல்கிறது. ‘முந்தைய ஆய்வுகளைப் பின்பற்றி’ என்று ஒரு வரி எழுதி அந்தக் கட்டத்தை நிரப்பிவிட முடியும் என்பதுதான் வருத்தம். முந்தைய ஆய்வுகள் எப்படி எண்ணின என்பதை 34இல் 3 என்ற கணக்கு சொல்லிவிட்டது.

படிக்கிறவருக்கு இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. கட்டுரையில் டி-டெஸ்ட் முடிவை t(46) = 3.95 என்பது போல எழுதியிருப்பார்கள். அடைப்புக்குள் இருக்கும் எண் இரண்டு பக்க மாதிரிகளையும் கூட்டி இரண்டைக் கழித்தால் வருவது. 46 என்றால் அவர்கள் எண்ணியது 48. பிறகு செய்முறைப் பகுதிக்குப் போய் எத்தனை தாய்க்கு ஊசி போட்டார்கள் என்று பாருங்கள். அங்கே ஆறு என்று இருந்தால் அடைப்புக்குள் 4 இருந்திருக்க வேண்டும். குடும்ப வேறுபாட்டைக் கணக்கில் எடுக்கும் வேறு முறை எதையும் அவர்கள் பயன்படுத்தவில்லை என்றால், அந்த முடிவை நம்பாதீர்கள். தாய் எத்தனை என்றே எழுதியிருக்கவில்லை என்றாலும் நம்பாதீர்கள்.